45-ஆம் படிச் சமன்பாடும் ஒரு வக்கீலின் விடையும்

1593-ஆம் ஆண்டு லூவெனைச் சேர்ந்த அத்ரியான் வான் ரூமன் ஒரு கணித நூல் வெளியிட்டார். மருத்துவமும் கணிதமும் கற்பித்த பேராசிரியர் அவர். அந்த நூலில் உலகத்துக் கணித வல்லுநர்கள் எல்லோருக்கும் ஒரு சவாலை வைத்திருந்தார். சவால் இந்தச் சமன்பாடுதான்:

x⁴⁵ − 45x⁴³ + 945x⁴¹ − 12300x³⁹ + … + 95634x⁵ − 3795x³ + 45x = A

நடுவில் புள்ளி வைத்து விட்டிருக்கும் இடத்தில் இன்னும் 16 உறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான x¹⁹-இன் கெழு 48 கோடியைத் தாண்டும். வலப்பக்கத்து A-யும் எளிதானதில்லை. வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம் அடுக்கிய எண் அது:

A = √( 7/4 − √(5/16) − √( 15/8 − √(45/64) ) )

இதற்கு x என்ன? மூன்றாம் படி, நான்காம் படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் வழி 1545-இல் ஜெர்மனியின் நூரம்பர்க்கில் அச்சாகிவிட்டது. ஐந்தாம் படிக்கே பொதுவான வழி எவரிடமும் இல்லாத காலத்தில் வான் ரூமன் கேட்டது 45-ஆம் படி.

பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றியின் அவைக்கு வந்த நெதர்லாந்துத் தூதர், வான் ரூமன் பட்டியலிட்ட வல்லுநர்களில் ஒரு பிரெஞ்சுக்காரர்கூட இல்லையே என்று சீண்டினாராம். மன்னர் தம் ஆலோசகர் ஃபிரான்சுவா வியெத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். வியெத் தொழிலால் வக்கீல். ஸ்பெயினின் ரகசியக் கடிதங்களைச் சங்கேதம் உடைத்துப் படித்துக் கொடுத்தவர். கணிதம் அவருக்கு ஓய்வு நேரத்து வேலை. தாளை வாங்கிப் பார்த்தவர் அங்கேயே ஒரு விடை சொன்னார், மறுநாள் மேலும் 22 விடைகள் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. தம் முழு விளக்கத்தை 1595-இல் அச்சிட்டார்.

அவர் சமன்பாட்டைத் தீர்க்கவில்லை, அடையாளம் கண்டுகொண்டார். நம் பிளஸ் ஒன் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் cos 3θ சூத்திரம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அந்தக் குடும்பத்தின் 45-ஆவது உறுப்பினர் அந்தத் தாளில் இருந்தது.

ஏணியின் முதல் படிகள்

குடும்பத்தை அடியிலிருந்து பார்ப்போம். θ என்ற கோணத்தின் கொசைன் மட்டும் நமக்குத் தெரியும், கோணம் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்தே 2θ, 3θ ஆகியவற்றின் கொசைனைச் சொல்ல முடியுமா?

இரு மடங்கு எளிது: cos 2θ = 2cos²θ − 1. மும்மடங்குக்குப் பாடநூல் 3θ-வை 2θ + θ என்று பிரிக்கும். அதைவிடக் கைக்கு வாகான ஒரு வழி உண்டு. cos(P + Q), cos(P − Q) இரண்டையும் விரித்துக் கூட்டினால் சைன் உறுப்புகள் அடிபட்டுப் போய் 2 cos P cos Q மட்டும் மிஞ்சும். இதில் P = 2θ, Q = θ என்று போட்டால்

cos 3θ + cos θ = 2 cos 2θ cos θ

என்று வரும். cos θ-வை c என்று எழுதி, cos 2θ-வின் இடத்தில் 2c² − 1 போட்டுப் பெருக்கினால், cos 3θ = 4c³ − 3c. இதுவே மும்மடங்குக் கோணச் சூத்திரம்.

20 டிகிரியில் சரிபார்ப்போம். cos 20° சுமாராக 0.9397. அதன் கனம் 0.8298, நான்கால் பெருக்க 3.319. அதிலிருந்து மூன்று மடங்கு 0.9397-ஐ, அதாவது 2.819-ஐக் கழித்தால் 0.5. cos 60° அதுதான்.

தேர்வில் பலர் இதை sin 3θ = 3 sin θ − 4 sin³θ என்பதோடு குழப்பிக் குறிகளை மாற்றி எழுதிவிடுவார்கள். தப்பைப் பிடிக்க ஒரு சிறு சோதனை போதும். θ-வைப் பூஜ்யம் ஆக்கினால் c = 1, எத்தனை மடங்கு எடுத்தாலும் கொசைன் 1 தான். ஆகவே கெழுக்களைக் கூட்டினால் 1 வரவேண்டும். 4 − 3 = 1, சரி. 3 − 4 என்று எழுதியிருந்தால் −1 வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மும்மடங்கோடு நிற்கவேண்டிய அவசியமில்லை. P = nθ, Q = θ என்று போட்டால் எந்த மடங்கிலிருந்தும் அடுத்த மடங்குக்கு ஏறலாம். ஆனால் c-யில் எழுதிக்கொண்டு போனால் முன்னால் நிற்கும் எண் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 45-ஆவது படியில் அது 17,592,186,044,416 ஆகிவிடும். இதைத் தவிர்க்க cos θ-வுக்குப் பதில் அதன் இரு மடங்கை x என்று எடுத்துக்கொண்டு, விடையையும் 2 cos nθ என்றே எழுதுவோம். அப்போது ஏணியின் விதி மிக எளிது: இப்போது கையில் இருப்பதை x-ஆல் பெருக்கு, அதற்கு முந்தியதைக் கழி.

2 cos θ = x
2 cos 2θ = x² − 2
2 cos 3θ = x³ − 3x
2 cos 4θ = x⁴ − 4x² + 2
2 cos 5θ = x⁵ − 5x³ + 5x
2 cos 6θ = x⁶ − 6x⁴ + 9x² − 2

ஐந்தாவது வரியை வரவழைத்துப் பாருங்கள். நான்காவதை x-ஆல் பெருக்கினால் x⁵ − 4x³ + 2x. அதிலிருந்து மூன்றாவதான x³ − 3x-ஐக் கழித்தால் x⁵ − 5x³ + 5x. வேறு எந்தச் சூத்திரமும் வேண்டாம். இங்கே சோதனை கொஞ்சம் மாறும்: x = 2 என்று போட்டால் எல்லா வரியிலும் 2 வரவேண்டும். 32 − 40 + 10 = 2, சரிதான்.

கைரேகை

இந்த வரிகளை மேலிருந்து கீழாகப் படித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். முதல் உறுப்பின் கெழு எப்போதும் 1. இரண்டாம் உறுப்பின் கெழு, எத்தனையாவது மடங்கோ அந்த எண், கழித்தல் குறியோடு: −3, −4, −5, −6. மூன்றாம் உறுப்பின் கெழு, மடங்கு எண்ணையும் அதைவிட மூன்று குறைந்த எண்ணையும் பெருக்கிப் பாதியாக்கினால் வருவது. நாலுக்கு 4 × 1 ÷ 2 = 2, ஐந்துக்கு 5 × 2 ÷ 2 = 5, ஆறுக்கு 6 × 3 ÷ 2 = 9.

இப்போது வான் ரூமனின் சமன்பாட்டுக்குத் திரும்பிப் போங்கள். x⁴⁵, அடுத்து −45x⁴³. மூன்றாவது, 45 × 42 ÷ 2 = 945. கைரேகை பொருந்துகிறது. இடப்பக்கத்தில் இருப்பது x = 2 cos θ என்னும்போது 2 cos 45θ. அந்த 23 உறுப்புகளும் சேர்ந்து சொல்வது அந்த ஒரே சொல்தான்.

வியெத் கொசைனில் எழுதவில்லை. அவர் காலத்தில் வட்டத்தின் நாண்களை வைத்தே கணக்கிட்டார்கள். ஆரம் 1 உள்ள வட்டத்தில் ஒரு வில்லின் நாண் நீளம், அந்த வில்லின் பாதிக்கு உரிய சைனின் இரு மடங்கு. ஒரு கோணத்தின் சைன்தான் அதை 90 டிகிரிக்கு நிரப்பும் கோணத்தின் கொசைன் என்பதால் இரண்டு மொழியிலும் ஒரே பல்லுறுப்புக் கோவை வருகிறது. ஒற்றைப்படை மடங்குகளில் குறி மட்டும் சில சமயம் மாறும், 45-இல் அதுவும் மாறாது. இரட்டைப்படை மடங்குகளில்தான் சைன் கைவிட்டுவிடும். sin 2θ = 2 sin θ cos θ என்பதில் கொசைன் ஒட்டிக்கொண்டிருப்பதால், அதை வெறும் சைனின் பல்லுறுப்புக் கோவையாக எழுத முடியாது. கொசைனுக்கு இந்தத் தடை இல்லை, எல்லா மடங்கும் எழுதலாம். ஏணி கட்ட நாம் கொசைனை எடுத்துக்கொண்டது அதனால்தான்.

இனி A. அந்த வர்க்கமூல அடுக்கைக் கணக்கிட்டால் சுமார் 0.415823 வரும். யூக்ளிட் படித்தவர்களுக்கு அது பழகிய நீளம்: ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் வரைந்த ஒழுங்குப் பதினைங்கோணத்தின் பக்கம். பதினைந்து பக்கம் என்றால் ஒவ்வொன்றுக்கும் உரிய வில் 24 டிகிரி, அதன் பாதி 12 டிகிரி. ஆகவே A என்பது 2 sin 12°, அதாவது 2 cos 78°.

45-ஆம் படிச் சமன்பாடு இப்போது ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது: cos 45θ = cos 78°.

ஒரு கேள்வி, 45 விடை

78-ஐ 45-ஆல் வகுத்து θ = 1.7333…° என்று எழுதிவிட்டு எழுந்து போகத் தோன்றும். மாணவர்கள் சறுக்கும் இடம் இதுதான். கால்குலேட்டரில் கொசைனைத் தலைகீழாக்கும் பொத்தான் ஒரே ஒரு கோணத்தைத்தான் காட்டும். ஆனால் 78 டிகிரிக்கும், ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்த 438 டிகிரிக்கும், இரண்டு சுற்று வந்த 798 டிகிரிக்கும் கொசைன் ஒன்றே. 45θ இவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

சிறிய கணக்கில் இதைப் பார்ப்போம். cos 3θ = 1/2 என்றால் 3θ என்பது 60, 420, 780 டிகிரிகளில் ஏதாவது ஒன்று. θ அப்போது 20, 140, 260. அதற்கு மேல் போனால் பழைய கோணமே மறுபடி வரும். x³ − 3x = 1 என்ற சமன்பாட்டின் மூன்று மூலங்களும் இந்தக் கோணங்களின் கொசைன்களை இரட்டித்தால் கிடைக்கின்றன: 1.8794, −1.5321, −0.3473. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், பூஜ்யம் வரும். சமன்பாட்டில் x² உறுப்பு இல்லாததால் அப்படித்தான் வரவேண்டும்.

45-க்கும் இதே வழிதான். ஒரு சுற்றான 360 டிகிரியை 45-ஆல் வகுத்தால் 8 டிகிரி. ஆகவே θ-வுக்கு 1.7333°-இல் தொடங்கி எட்டெட்டு டிகிரி தள்ளிய 45 கோணங்கள் உண்டு: 1.7333°, 9.7333°, 17.7333° என்று போய் 353.7333°-இல் முடியும். ஒவ்வொன்றும் வெவ்வேறு x-ஐத் தருகிறது. 45-ஆம் படிச் சமன்பாட்டுக்கு 45-க்கு மேல் மூலங்கள் இருக்க முடியாது. எனவே ஒன்றுகூட விடுபடவில்லை.

அப்படியானால் வியெத் ஏன் 23 மட்டும் சொன்னார்? அவருக்கு x ஒரு நாணின் நீளம். நீளம் எதிர்மறையாக இருக்க முடியாது. கொசைன் நேர்மறையாக இருப்பது 0-விலிருந்து 90 டிகிரி வரையிலும், 270-லிருந்து 360 வரையிலும்தான். நம் பட்டியலில் 1.7333°-இலிருந்து 89.7333° வரை 12 கோணங்கள். 273.7333°-இலிருந்து 353.7333° வரை 11. கூட்டினால் 23. முதல் நாள் ஒன்று, மறுநாள் 22 என்ற கதைக் கணக்கு அப்படியே வருகிறது. மிச்சம் 22 மூலங்களும் எதிர்மறை, அவற்றை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

கையால் சரிபார்த்தல்

வியெத்தின் கண்ணுக்கு முதலில் படும் விடை எது? பதினைங்கோணத்தின் பக்கத்துக்கு உரிய 24 டிகிரி வில்லை 45 சம பங்காக்கினால் ஒரு பங்கு 32 கலை. அதன் நாண்தான் x. அதாவது 16 கலையின் சைனை இரட்டித்தது, 0.0093084. நம் கொசைன் பட்டியலில் 89.7333° என்ற கோணம் தருவதும் இதே எண்தான்.

இதைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்க 23 உறுப்புகளையும் கணக்கிட வேண்டியதில்லை. 45 என்பது 5 × 3 × 3. கோணத்தை முதலில் ஐந்து மடங்காக்கி, வந்ததை மும்மடங்காக்கி, மறுபடி மும்மடங்காக்கினால் 45 மடங்கு ஆகிவிடும். ஆகவே ஏணியின் ஐந்தாவது வரி ஒரு தடவை, மூன்றாவது வரி இரண்டு தடவை போதும்.

முதலில் x⁵ − 5x³ + 5x. இவ்வளவு சிறிய x-க்கு ஐந்தாம் படி கண்ணுக்கே தெரியாது. 0.046542-இலிருந்து 0.000004 போக 0.046538.

அடுத்து இந்த எண்ணின் கனத்திலிருந்து அதன் மும்மடங்கைக் கழிக்கவேண்டும்: 0.000101 − 0.139614 = −0.139513.

கடைசியாக அதே வேலை இன்னொரு தடவை: −0.002715 + 0.418539 = 0.415824.

A-யின் மதிப்பு 0.415823. கடைசி இலக்கத்தில் உள்ள ஒன்று, நாம் ஆறு தசம இடத்தோடு நிறுத்திக்கொண்டதால் வந்தது.

நேராக 45-ஆம் படிக் கோவையில் போட்டிருந்தால் என்ன ஆகும்? இந்தச் சிறிய x-க்குச் சிக்கல் இல்லை, உயர்ந்த படிகளெல்லாம் மறைந்துவிடும். பட்டியலின் முதல் கோணமான 1.7333°-ஐ எடுத்தால் கதை வேறு. அங்கே x = 1.99908. சில உறுப்புகள் தனித்தனியே 17 இலக்க எண்களாக வளர்ந்து, கூட்டலும் கழித்தலுமாக ஒன்றையொன்று தின்று, கடைசியில் 0.4158 மிஞ்சவேண்டும். பத்துப் பன்னிரண்டு இலக்கம் வைத்துக்கொள்ளும் கால்குலேட்டர் அந்த மிச்சத்தை எப்போதோ தொலைத்திருக்கும். ஆயிரக்கணக்கிலோ லட்சக்கணக்கிலோ பொருளில்லாத ஒரு விடையைக் காட்டும். 2 cos 45θ என்பது 2-க்கு மேலும் −2-க்குக் கீழும் போகவே முடியாது என்பதால், அப்படி ஓர் எண் வந்தால் கணக்கு கெட்டுவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். விரித்த கோவை அடையாளம் காண்பதற்கு நல்லது. எண் போட்டுக் கணக்கிட ஏணிதான் நல்லது.

அளவுகோலும் கவராயமும் நிற்கும் இடம்

5 × 3 × 3 என்ற பிரிப்பு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. சமன்பாட்டைப் பின்னோக்கிப் போய்த் தீர்த்தால், ஒரு கோணத்தை இரண்டு தடவை மூன்றாகவும் ஒரு தடவை ஐந்தாகவும் பிரிக்க வேண்டியிருக்கிறது. கோணத்தை மூன்றாகப் பிரிப்பது கிரேக்கர்கள் காலத்திலிருந்து தீராமல் கிடந்த சிக்கல்.

அது ஏன் தீரவில்லை என்பதற்கும் மும்மடங்குச் சூத்திரமே காரணம் சொல்லும். 60 டிகிரியை மூன்றாகப் பிரிக்க x³ − 3x = 1 என்பதன் மூலம் வேண்டும். இதற்கு விகிதமுறு எண்ணாக ஒரு மூலம் இருந்தால் அது 1 அல்லது −1 ஆகத்தான் இருக்க முடியும். 1 போட்டால் −2 வருகிறது, −1 போட்டால் 2 வருகிறது. இரண்டும் ஆகவில்லை. ஆகவே இந்தக் கனச் சமன்பாட்டைச் சிறிய துண்டுகளாக உடைக்க முடியாது. அளவுகோலும் கவராயமும் செய்யக்கூடியது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு வர்க்கமூலம் எடுப்பது மட்டும். வர்க்கமூலங்களை எத்தனை அடுக்கினாலும் உடையாத கனச் சமன்பாட்டின் மூலத்தை எட்டாது என்பதை 1837-இல் பியர் வான்ட்செல் நிறுவினார். 90 டிகிரி போன்ற சில கோணங்களை மூன்றாக்கலாம். 60-ஐ முடியாது, 78-ஐயும் முடியாது. முழு டிகிரிக் கோணங்களில் 3-இன் மடங்குகளை மட்டுமே அந்த இரண்டு கருவிகளால் வரையலாம். 78 வரையலாம், அதில் மூன்றிலொரு பங்கான 26 வரைய முடியாது.

வான் ரூமனின் A முழுக்க வர்க்கமூலங்களால் ஆனது. அதை ஓர் அளவுகோலும் கவராயமும் வைத்துக்கொண்டு தாளில் வரைந்துவிடலாம். அவர் கேட்ட x-ஐ அப்படி வரைய முடியாது. வியெத் அதை எண்ணாகச் சொன்னார், கோணத்தைப் பங்கிட்டு.

விடையோடு வியெத் திருப்பி ஒரு சவாலும் அனுப்பினார். மூன்று வட்டங்களைக் கொடுத்து, மூன்றையும் தொட்டுச் செல்லும் ஒரு வட்டத்தை வரையச் சொல்லும் பழைய அப்போலோனியஸ் கணக்கு அது. வான் ரூமன் அதிபரவளையங்களை வெட்டவைத்துத் தீர்த்தார். இதற்கு அவ்வளவு தேவையில்லை என்று வியெத் 1600-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அந்தக் கணக்கில் வர்க்கமூலத்துக்கு மேல் எதுவும் வராது, அளவுகோலும் கவராயமும் போதும். வான் ரூமன் பயணப்பட்டு வந்து வியெத்தைச் சந்தித்தார், இருவரும் நண்பர்கள் ஆனார்கள்.